குடல் குறுகியவருக்கு டிபிஎன் பை: கணக்கு ஸ்டோமாவில் தொடங்குகிறது

பினாங்கில் மருத்துவமனை மருந்தகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், டிபிஎன் என்றால் சத்துகளைக் கூட்டிப் பையில் நிரப்புவது என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு கிலோ எடைக்கு இவ்வளவு புரதம், இவ்வளவு சர்க்கரை, இவ்வளவு உப்பு. பெருக்கினால் விடை வந்துவிடும். குடல் செயலிழந்த நோயாளிகளுக்குக் கணக்குப் போட ஆரம்பித்த பிறகுதான் அந்த வரிசை சரியில்லை என்று புரிந்தது. அவர்களிடம் முதலில் பார்க்க வேண்டியது, வயிற்றில் குடலைத் திறந்துவிட்ட வாயான ஸ்டோமாவின் மேல் ஒட்டியிருக்கும் பையில் ஒரு நாளைக்கு எவ்வளவு வடிகிறது என்பதை.

குடல் செயலிழப்பு என்பது, வாயால் சாப்பிடுவதையும் குடிப்பதையும் உறிஞ்சி உடலைத் தாங்கும் அளவுக்குக் குடல் போதாமல் போவது. அறுவை சிகிச்சை முடிந்து சில நாள் குடல் ஓய்ந்து கிடப்பதும் இதில் சேரும். வாழ்நாள் முழுக்க நீடிப்பதும் உண்டு. அப்படிப்பட்டவருக்குச் சர்க்கரை, அமினோ அமிலம், கொழுப்பு, உப்புகள், வைட்டமின் எல்லாவற்றையும் ஒரே பையில் கலந்து நேராக ரத்தத்தில் ஏற்றுவதுதான் டிபிஎன். இந்தக் கட்டுரையில் ஒரே வகை நோயாளியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: சிறுகுடலின் மேல்பகுதி கொஞ்சம் மிஞ்சி, அதன் நுனி வயிற்றில் ஸ்டோமாவாகத் திறந்திருப்பவர். கணக்கில் புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இவரிடம்தான்.

பல நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்து ஒருவரை அமைத்துக்கொள்வோம். பட்டர்வொர்த்தில் லாரி ஓட்டுபவர், வயது 52. குடலுக்குப் போகும் முக்கியத் தமனியில் ரத்தக்கட்டி அடைத்து, குடலின் பெரும்பகுதி செத்துப்போய்விட்டது. வெட்டி எடுத்த பிறகு 60 சென்டிமீட்டர் சிறுகுடல் மிச்சம். பெருங்குடல் வழியில் சேர்க்கப்படவில்லை. முன்பு 58 கிலோ இருந்தவர் இப்போது 50. பன்னிரண்டு நாளாகச் சரியான சாப்பாடு இல்லை. ஸ்டோமாவில் நாளுக்கு 2.5 லிட்டர் வடிகிறது.

முதலில் தண்ணீர்க் கணக்கு. ஸ்டோமாவில் 2,500 மில்லி போகிறது. சிறுநீர் நாளுக்கு 1,000 மில்லியாவது வரவேண்டும் என்பது நம் இலக்கு. வியர்வை, மூச்சு வழியாகச் சுமார் 600. ஆக வெளியே போவது 4,100 மில்லி. வாய்வழியாக உப்புச் சர்க்கரைக் கரைசல் 1 லிட்டரும் மற்ற பானங்கள் அரை லிட்டரும் குடிக்கிறார் என்று வைத்துக்கொண்டால், மீதி 2,600 மில்லி ரத்தக்குழாய் வழியாகப் போகவேண்டும்.

அடுத்தது சோடியம். மேல்குடலிலிருந்து வடியும் நீரில் லிட்டருக்குச் சுமார் 100 மில்லிமோல் சோடியம் இருக்கும். 2.5 லிட்டர் என்றால் 250. உடலின் அன்றாடத் தேவை கிலோவுக்கு 1 மில்லிமோல் என்று 50 சேர்த்தால் 300. அவர் குடிக்கும் கரைசலில் 90 கிடைக்கிறது. மீதி 210 மில்லிமோல் நாம் கொடுக்க வேண்டியது. சாப்பாட்டில் வரும் உப்பை இப்போதைக்கு நான் எண்ணவில்லை. சாதாரண நோயாளிக்குக் கிலோவுக்கு ஒன்று, ஒன்றரை என்று போட்டிருந்தால் 75 மில்லிமோலோடு நின்றிருப்போம். வித்தியாசம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

இந்தத் தண்ணீரையும் உப்பையும் முழுக்கப் பைக்குள் போடலாமா? ஆரம்பத்தில் வேண்டாம் என்பது என் கருத்து. ஸ்டோமா ஒருநாள் இரண்டு லிட்டர் வடியும், மறுநாள் நான்கு வடியும். பையை ஒருமுறை கலந்துவிட்டால் மாற்ற முடியாது. அதனால் 1 லிட்டர் 0.9 சதவீத சலைனைத் தனியாக ஓடவிடலாம். அதில் 154 மில்லிமோல் சோடியம் போய்விடும். பைக்கு மிஞ்சுவது 1,600 மில்லி நீரும் 56 மில்லிமோல் சோடியமும். வடிவது கூடினால் சலைனை வார்டிலேயே கூட்டிக்கொள்ளலாம்.

இப்போது சத்து. கிலோவுக்கு 30 கிலோகலோரி என்று 1,500 கிலோகலோரியை இலக்காக வைக்கிறோம். நான் புரதத்திலிருந்து தொடங்குவேன், ஏனென்றால் காயம் ஆறுவதும் தசை நிற்பதும் அதில்தான் இருக்கிறது. கிலோவுக்கு 1.5 கிராம் என்றால் 75 கிராம் அமினோ அமிலம். கிராமுக்கு 4 கிலோகலோரி, ஆக 300. அப்புறம் கொழுப்பு. கிலோவுக்கு 1 கிராம் என்றால் 50 கிராம். 20 சதவீதக் கொழுப்புக் கரைசலில் அது 250 மில்லி. மில்லிக்கு 2 கிலோகலோரி, ஆக 500. நீண்ட நாள் டிபிஎன் எடுப்பவருக்கு, முக்கியமாகச் சோயா எண்ணெய்க் கொழுப்பில், இதைத் தாண்டிப் போகாமல் இருப்பது கல்லீரலுக்கு நல்லது. மீதி 700 கிலோகலோரியைச் சர்க்கரைக்கு விடுகிறோம். ஏற்றும் டெக்ஸ்ட்ரோஸ் கிராமுக்கு 3.4 கிலோகலோரிதான் தரும், 4 அல்ல. 700ஐ 3.4ஆல் வகுத்தால் 206 கிராம்.

இங்கே ஒரு சோதனை செய்யாமல் நகரக்கூடாது. சர்க்கரையை உடல் எரிக்கும் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. கிலோவுக்கு நிமிடத்துக்கு 4 முதல் 5 மில்லிகிராம் வரை தாங்கும். அதைத் தாண்டினால் ரத்தச் சர்க்கரை ஏறும், மிஞ்சியது கல்லீரலில் கொழுப்பாகப் படியும். 24 மணி நேரம் ஏற்றினால்:

```
206 × 1000 ÷ 50 ÷ 1440 = 2.86
```

இது பத்திரமான வேகம். இந்த எண்ணைக் குறித்து வையுங்கள், பிறகு மறுபடி தேவைப்படும்.

10 சதவீத அமினோ அமிலம் 750 மில்லி, 50 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 412 மில்லி, கொழுப்பு 250 மில்லி. மூன்றும் சேர்ந்து 1,412 மில்லி. மீதியுள்ள 188 மில்லியில் உப்புகளும் வைட்டமினும் நுண்தாதுக்களும் அடங்கவேண்டும். கலவையின் அடர்த்தி லிட்டருக்கு 1,300 மில்லியாஸ்மோலைத் தாண்டும். 900க்கு மேல் போனால் கைச் சிரை வீங்கிப் புண்ணாகும் என்பதால் இதை மையச் சிரைக் குழாயில்தான் ஏற்றலாம்.

உப்புகளில் எனக்கு மறக்கவே முடியாத பாடம் பாஸ்பேட். நம் நோயாளிக்குக் கிலோவுக்கு 0.4 மில்லிமோல் என்று 20 மில்லிமோல் பாஸ்பேட் தேவை. சோடியம் கிளிசரோபாஸ்பேட்டில் 20 மில்லி எடுத்தால் போதும், மில்லிக்கு 1 மில்லிமோல். ஆனால் அந்தப் பெயரின் முதல் சொல்லைப் பாருங்கள். ஒவ்வொரு மில்லியிலும் 2 மில்லிமோல் சோடியமும் இருக்கிறது. 20 மில்லியில் 40. பைக்கு நாம் ஒதுக்கியதே 56தான், ஆகவே சோடியம் குளோரைடாகச் சேர்க்க வேண்டியது 16 மட்டுமே. நான் வேலை கற்ற காலத்தில் இதை எண்ணாமல் முழு 56ஐயும் சோடியம் குளோரைடாக எழுதிவிட்டேன். கலக்குவதற்கு முன் சரிபார்த்த மூத்த மருந்தாளர் அக்கா என்னைக் கூப்பிட்டு, "பாஸ்பேட் எதோட வருதுனு பாத்தியாம்மா?" என்றார். அந்தக் கேள்வியை இன்றும் ஒவ்வொரு உப்பிடமும் கேட்கிறேன். பொட்டாசியம் எதோடு வருகிறது, குளோரைடோடா அசிடேட்டோடா? ஸ்டோமாவில் பைகார்பனேட்டும் வடிந்து ரத்தம் அமிலப் பக்கம் சாய்ந்திருந்தால், உப்புகளில் ஒரு பகுதியை அசிடேட்டாகக் கொடுப்பேன். கல்லீரல் அதைப் பைகார்பனேட்டாக மாற்றிவிடும்.

பொட்டாசியம் கிலோவுக்கு ஒன்றரை என்று 75 மில்லிமோல். கால்சியம் 5 மில்லிமோல். மெக்னீசியம் வழக்கமான அளவுப்படி 5 முதல் 7.5 போதும், ஆனால் இவருடைய ஸ்டோமாவில் அதுவும் ஓடுவதால் 10 போடுகிறேன். மெக்னீசியம் குறைந்தால் சிறுநீரகம் பொட்டாசியத்தைப் பிடித்து வைக்காது. பொட்டாசியத்தை எவ்வளவு ஊற்றினாலும் ஏறவில்லை என்றால் முதலில் மெக்னீசியத்தைப் பாருங்கள். கால்சியமும் அப்படியே பிடிவாதமாகக் கீழே நிற்கும். இன்னொரு பொறி அலகில் இருக்கிறது. நம் ஆய்வகங்கள் மில்லிமோலில் தருகின்றன, அமெரிக்கப் புத்தகங்கள் மில்லிஈக்குவலன்ட்டில் எழுதுகின்றன. மெக்னீசியத்துக்கும் கால்சியத்துக்கும் 1 மில்லிமோல் என்பது 2 மில்லிஈக்குவலன்ட். புத்தகத்தில் உள்ள எண்ணை அப்படியே பெயர்த்து எழுதினால் அளவு இரட்டிப்பாகிவிடும்.

கால்சியமும் பாஸ்பேட்டும் ஒரே பையில் சேர்ந்து படிகமாகிவிடக்கூடும். 1994இல் அமெரிக்காவில் இப்படிப் படிந்த பைகளால் இரண்டு பேர் இறந்து, அங்குள்ள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரிக்கை வெளியிட்டது. துகள்கள் நுரையீரலின் நுண்குழாய்களை அடைத்திருந்தன. கொழுப்பு கலந்த பை பால்போல வெள்ளையாக இருப்பதால் படிவு கண்ணுக்கே தெரியாது. கிளிசரோபாஸ்பேட் போன்ற கரிமப் பாஸ்பேட் கால்சியத்தோடு எளிதில் படியாது, அதனால் அதைத் தேர்ந்தெடுக்கிறோம். அதோடு கொழுப்புப் பைக்கு 1.2 மைக்ரான் வடிகட்டியும் போடுகிறோம்.

உப்புகள், வைட்டமின், நுண்தாதுக்கள் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 130 மில்லி. மீதி 58 மில்லிக்கு நீர் சேர்த்தால் பை 1,600இல் முடிகிறது.

சரி, பை தயார். ஆனால் இதை முதல் நாளே ஏற்றக்கூடாது.

இது இலக்குப் பை. நம்மவர் எடையில் ஏறத்தாழ 14 சதவீதத்தை இழந்தவர், பன்னிரண்டு நாள் பட்டினி. பட்டினியில் உடல் கொழுப்பை எரித்துக்கொண்டிருக்கிறது. திடீரென்று சர்க்கரை வந்தால் இன்சுலின் எழும்பி, ரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பேட்டையும் பொட்டாசியத்தையும் மெக்னீசியத்தையும் செல்களுக்குள் இழுத்துப் போய்விடும். இதயத்துடிப்பு குழம்பலாம், மூச்சுத் தசை தளரலாம். இதற்குத்தான் மறு உணவூட்ட நோய்க்குறி என்று பெயர். அதனால் ரத்தத்தில் குறைந்திருக்கும் உப்புகளை முதலில் சரிசெய்கிறோம், சர்க்கரைக்கு முன்பே தையமின் 200 மில்லிகிராம் ஏற்றுகிறோம், பிறகு கிலோவுக்கு 10 கிலோகலோரியில் தொடங்குகிறோம். முதல் பையில் 100 கிராம் டெக்ஸ்ட்ரோஸும் 40 கிராம் அமினோ அமிலமும் மட்டும்: 340, 160, கூட்டினால் 500 கிலோகலோரி. உப்புகள் தேவைக்கேற்ப, தண்ணீரும் சோடியமும் பெரும்பாலும் சலைனில். ரத்தப் பரிசோதனை இடம் கொடுத்தால் ஒன்று இரண்டு நாளுக்கு ஒருமுறை, இலக்கில் மூன்றில் ஒரு பங்கு வீதம் ஏற்றுகிறோம்.

பரிசோதனை எப்படி இடம் கொடுக்கும், எப்படி மறுக்கும்? முதல் நாள் காலை பாஸ்பேட் லிட்டருக்கு 0.95 மில்லிமோல். மூன்றாம் நாள் 0.62. எண்ணைப் பார்த்து, கொஞ்சம் குறைவுதான் என்று கடந்துவிடக்கூடாது. குறைந்தது 0.33, அதாவது 35 சதவீதம். உணவூட்டம் தொடங்கிய ஐந்து நாளுக்குள் இந்த மூன்று உப்புகளில் ஏதாவது ஒன்று 10 சதவீதம் இறங்கினாலே மறு உணவூட்டம் நடக்கிறது என்று பொருள்; 30ஐத் தாண்டினால் கடுமையானது. அன்று சர்க்கரையைக் கூட்டவில்லை. பாஸ்பேட்டைத் தனியாக ஏற்றினோம், ஒரு நாள் பொறுத்தோம், பிறகு படியேறினோம். அதனால்தான் முதல் சில நாள் சோடியம், பொட்டாசியம், மெக்னீசியம், பாஸ்பேட் நான்கையும் தினமும் கேட்கிறோம், விரல் குத்திச் சர்க்கரையை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்கிறோம். நிலைத்த பிறகு வாரம் இரண்டு மூன்று முறை போதும். கல்லீரல் அளவுகளும் டிரைகிளிசரைடும் வாரம் ஒருமுறை. டிரைகிளிசரைடு 4.5 மில்லிமோலைத் தாண்டினால் கொழுப்பைக் குறைக்க வேண்டும். துத்தநாகம், செலினியம், தாமிரம், வைட்டமின் டி எல்லாம் மாதக்கணக்கில் பார்ப்பவை. துத்தநாகமும் செலினியமும் உடலில் அழற்சி இருந்தாலே கீழே தெரியும் என்பதால் சிஆர்பியையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஒருநாள் மில்லிமோல் கணக்கில் சர்க்கரை 32, பொட்டாசியம் 7.1, சோடியம் 128 என்று அறிக்கை வரும். பதறி இன்சுலின் எழுதுவதற்கு முன், நோயாளி எப்படி இருக்கிறார் என்று போய்ப் பாருங்கள். நன்றாகப் பேசிக்கொண்டு, விரல் குத்தினால் 8 காட்டுகிறதா? அப்படியென்றால் பை ஓடும் குழாயிலிருந்தே ரத்தம் எடுத்திருக்கிறார்கள். பையில் சர்க்கரையும் பொட்டாசியமும் ரத்தத்தைவிடப் பல மடங்கு அதிகம், சோடியம் குறைவு. அறிக்கையும் அதே பக்கம்தான் சாய்ந்திருக்கும். வேறு கையிலிருந்து மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

ஒன்பதாம் நாள் நடந்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் முழுப் பை ஓடும்போதும் தவறு நுழையும். ரத்தச் சோடியம் 137, அழகான எண். ஆனால் எடை இரண்டு நாளில் ஒன்றரைக் கிலோ குறைந்திருந்தது. சிறுநீர் 400 மில்லிதான். யூரியா ஏறிக்கொண்டிருந்தது. ஸ்டோமாவில் 3.6 லிட்டர். சிறுநீரில் சோடியம் எவ்வளவு என்று கேட்டோம். லிட்டருக்கு 8 மில்லிமோல் என்று வந்தது. 20க்குக் கீழே என்றால் சிறுநீரகம் ஒவ்வொரு துளி உப்பையும் பிடித்து வைக்கப் போராடுகிறது, உடல் உப்புக்கு ஏங்குகிறது என்று அர்த்தம். தண்ணீரும் உப்பும் சேர்ந்தே வடிவதால் ரத்தத்தில் விகிதம் மாறாது, 137 அப்படியே நிற்கும். இப்படிப்பட்ட நோயாளியிடம் ரத்தச் சோடியத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம்.

ஏன் வடிவது கூடியது? கட்டிலருகே மேசையில் ஒரு பெரிய பாட்டில் பார்லித் தண்ணீரும் இளநீர்ப் பையும் இருந்தன. மனைவி சொன்னார்: "ஏம்மா, நாக்கு வறண்டு போகுதுனு துடிக்கிறாரு. தண்ணி கொடுக்காம எப்படிம்மா இருக்கிறது?" அவர் அன்போடுதான் கொடுத்தார். ஆனால் மேல்குடலின் சுவர் இறுக்கமானது அல்ல. உப்பு குறைந்த நீர் உள்ளே வந்தால், உடலிலிருந்து சோடியம் குடலுக்குள் கசிந்து அதைச் சமன்செய்யப் பார்க்கும். மிச்சக் குடல் நீளமாக இருந்தால் கீழே அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளலாம். இவருக்குக் கீழே குடல் இல்லை. குடிக்கக் குடிக்க வடியும், வடிய வடிய தாகம் எடுக்கும். "அக்கா, அவருக்குத் தாகம் உண்மைதான். ஆனா அது உப்புக்கான தாகம். வெறும் தண்ணி குடிச்சா உடம்புல இருக்கிற உப்பையும் இழுத்துக்கிட்டு வெளிய போயிடும்" என்று ஸ்டோமா பையைக் காட்டி விளக்கினேன்.

சாதாரண பானங்களை நாளுக்கு அரை லிட்டராக மறுபடி கட்டினோம். லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் பெயரால் அறியப்படும் கரைசலை அவருக்குக் கலக்கக் கற்றுக்கொடுத்தோம்: 1 லிட்டர் தண்ணீரில் குளுக்கோஸ் 20 கிராம், சமையல் உப்பு 3.5 கிராம், சோடியம் பைகார்பனேட் 2.5 கிராம். கணக்குப் போட்டுப் பார்த்தால் சோடியம் சரியாக 90 மில்லிமோல் வரும். குளிரவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தால் உவர்ப்பு அவ்வளவாகத் தெரியாது. குடல் ஓட்டத்தை மெதுவாக்கச் சாப்பாட்டுக்கு முன் லோபரமைடு, அமிலம் சுரப்பதைக் குறைக்க ஒமெப்ரசோல், அந்தச் சில நாளுக்குக் கூடுதலாக ஒரு லிட்டர் சலைன். நான்கு நாளில் ஸ்டோமா 2.2 லிட்டருக்கு இறங்கியது. சிறுநீர் 1,100 மில்லி, அதில் சோடியம் 34.

நிலைத்துவிட்டது என்று நம்பிக்கை வந்த பிறகுதான் சலைனைப் பைக்குள் சேர்த்தோம். அதே கணக்கைப் புதிய எண்களோடு மறுபடி போட்டோம். வெளியே 2,200, 1,000, 600, ஆக 3,800. வாய்வழி 1,500. பை 2,300 மில்லி. சோடியம் 220உம் 50உம் சேர்ந்து 270, கரைசலில் வரும் 90 போக 180. பாஸ்பேட்டோடு வரும் 40ஐக் கழித்து மீதி 140ஐ உப்பாகச் சேர்த்தோம்.

பகலில் குழாய் இல்லாமல் நடமாட வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். இரவில் மட்டும் ஏற்றலாமா? இங்கேதான் அந்த 2.86 திரும்ப வருகிறது. அதே 206 கிராமை 12 மணி நேரத்தில் ஏற்றினால் நிமிடத்துக்கு 5.7, எல்லையைத் தாண்டிவிடும். 14 மணி நேரத்தில் 4.9, விளிம்பில் நிற்கும். 16 மணி நேரத்தில் 4.3. அதனால் மாலை நான்கு மணிக்குத் தொடங்கிக் காலை எட்டு மணிக்கு முடியும்படி 16 மணி நேரத்தைத் தேர்ந்தெடுத்தோம். கடைசி ஒரு மணி நேரம் வேகத்தைப் பாதியாக்கினோம். சர்க்கரை திடீரென்று நின்றால் ஏற்கெனவே எழும்பிய இன்சுலின் ரத்தச் சர்க்கரையைக் கீழே தள்ளிவிடும். முதல் நாள் காலை பையை எடுத்து ஒரு மணி நேரம் கழித்துத் தாதி விரல் குத்திப் பார்த்தார், 5.4. அன்று பகல் முழுவதும் அவர் குழாய் இல்லாமல் வார்டில் நடந்துகொண்டிருந்தார்.